பெறுதி எங்கும் பூச்சியம் என்றால் சார்பு மாறிலிதானா? நிறுவல் எங்கே இருக்கிறது?

கிளிநொச்சி உயர்தரம் எழுதியது:

வணக்கம். நான் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறேன். வகையீட்டுப் பயிற்சியில் இப்படி ஒரு கணக்கு வந்தது:

f(x) = tan⁻¹x + tan⁻¹(1/x)

முதல் உறுப்பை வகையிட்டால் 1/(1+x²). இரண்டாவதில் 1/(1+1/x²) ஐ −1/x² ஆல் பெருக்கினால் −1/(x²+1). இரண்டும் வெட்டுப்பட்டு f′(x) = 0 வந்தது. அதனால் f மாறிலி என்று எழுதி, x = 1 இட்டு, π/4 + π/4 = π/2 என்று விடையை முடித்தேன். பக்கத்தில் இருந்த சிநேகிதி x = −1 இட்டாள். அவளுக்கு −π/2 வந்தது. இரண்டு பேரின் வகையீடும் ஒன்றுதான், திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டோம்.

எனக்கு இரண்டு கேள்விகள். மாறிலி என்றால் ஒரே பெறுமானம்தானே, இங்கே எப்படி இரண்டு வந்தன? அடுத்தது, மாறிலியின் பெறுதி பூச்சியம் என்பது வரைவிலக்கணத்திலிருந்தே தெரிகிறது, ஆனால் அதன் மறுதலையை யாரும் நிறுவிக் காட்டவில்லை. ரியூசனில் கேட்டபோது "அது தெரிந்த விடயம்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்கள். உண்மையில் அது எங்கிருந்து வருகிறது?

அறிவியல்நகர் மூன்றாம் வருடம் எழுதியது:

தங்கச்சி, முதல் கேள்வி சின்ன விடயம். x = 0 இல் 1/x இல்லை, அதனால் உங்கள் சார்பு அங்கே வரையறுக்கப்படவில்லை. வரைபு இரண்டு துண்டு. வலப்பக்கத் துண்டு π/2 உயரத்தில் ஒரு கிடைக்கோடு, இடப்பக்கத் துண்டு −π/2 உயரத்தில் இன்னொரு கிடைக்கோடு. வகையீட்டில் பிழை எதுவும் இல்லை.

இரண்டாவதுக்குப் பெரிய நிறுவல் எல்லாம் தேவையில்லை. பெறுதி என்பது மாற்ற வீதம். ஒவ்வொரு புள்ளியிலும் மாற்ற வீதம் பூச்சியம் என்றால் ஒவ்வொரு சின்ன அடியிலும் மாற்றம் பூச்சியம். பூச்சியங்களை எத்தனை முறை கூட்டினாலும் பூச்சியம்தான். பல்கலைக்கழகத்தில் இதை இடைப்பெறுமானத் தேற்றம் வைத்து நிறுவுவார்கள், ஆனால் அடிப்படையில் அதே விடயம்.

வவுனியா கணித மாஸ்டர் எழுதியது:

தம்பி முதல் கேள்விக்குச் சொன்னது சரி. இரண்டாவதில் அவசரப்பட்டுவிட்டார். அந்த இடத்தில்தான் முழு விடயமும் கிடக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பெறுதி பூச்சியம் என்றால் மாற்றம் பூச்சியம் என்று அர்த்தமில்லை. x² ஐ எடுங்கள். x = 0 இல் பெறுதி பூச்சியம். ஆனால் 0 இலிருந்து 0.01 வரை போனால் சார்பு 0.0001 ஆல் கூடுகிறது. அந்த மாற்றம் அடியின் நீளத்தோடு ஒப்பிடும்போது சிறியது, அவ்வளவுதான். அடியைச் சிறிதாக்க ஆக்க, மாற்றத்தை அடியால் வகுத்து வரும் ஈவு பூச்சியத்தை நெருங்கும். பெறுதி தரும் உறுதி அது மட்டுமே.

இப்போது 0 இலிருந்து 1 வரை ஆயிரம் அடிகள் வைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு அடியிலும் ஏற்படும் மாற்றம் பூச்சியமல்ல, "1/1000 ஐ விட மிகச் சிறிய ஏதோ ஒன்று". எவ்வளவு சிறியது என்பது புள்ளிக்குப் புள்ளி வேறுபடும். ஓர் இடத்தில் அடி 0.01 ஆனாலே போதும், இன்னோர் இடத்தில் 0.0000001 ஆனால்தான் ஈவு சிறிதாகும். அடிகளைச் சிறிதாக்கினால் அவற்றின் எண்ணிக்கையும் கூடுகிறது. இந்தச் சிறு மிச்சங்கள் எல்லாம் சேர்ந்து பூச்சியத்துக்குப் போகும் என்று யார் உறுதி தருவது? "பூச்சியங்களைக் கூட்டுகிறோம்" என்ற வாதம் இந்தக் கேள்வியைத் தொடவேயில்லை.

பெறுதி ஒரு புள்ளியின் அக்கம்பக்கத்தைப் பற்றிப் பேசுகிறது. மாறிலி என்பது தூரத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பற்றியது. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக ஒரு பாலம் வேண்டும். இடைப்பெறுமானத் தேற்றம் அந்தப் பாலம். சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கமாக எழுதுகிறேன்.

இரணைமடு வாய்க்கால் எழுதியது:

நான் கணிதம் படித்தவன் இல்லை, குளத்து வேலைக்காரன். தலைப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். காலபோக மழையில் குளத்து அளவுகோலைக் காலையும் மாலையும் பார்த்து எழுதுவோம். சில நாள் காலை ஆறு மணிக்கு 28 அடி 4 அங்குலம், மாலை ஆறு மணிக்கும் அதே 28 அடி 4 அங்குலம். வித்தியாசம் பூச்சியம். நீங்கள் சொல்வதுபடி அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் மட்டம் மாறவே இல்லை என்று ஆகிறதா? அது உண்மையில்லை. கனகராயன் ஆற்று வெள்ளம் வந்து மதியம் வரை ஏறியிருக்கும், பிறகு துருசு திறந்து இறங்கியிருக்கும். புத்தகத்தில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் அசையவில்லை என்று அறிக்கை எழுதினால் வாய்க்காலில் நிற்பவன் சிரிப்பான்.

வவுனியா கணித மாஸ்டர் எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்டது இந்த இழையின் கேள்வி இல்லை. ஆனால் எனக்கு எழுத வேண்டியிருந்ததை நீங்களே எடுத்துத் தந்துவிட்டீர்கள். இரண்டு வேளை அளவும் ஒன்று என்பதும், ஒவ்வொரு கணத்திலும் ஏறும் வீதம் பூச்சியம் என்பதும் வேறு வேறு. முதலாவது தெரிந்தால் மட்டம் அசையவில்லை என்று சொல்ல முடியாது. உங்கள் பக்கம்தான் நியாயம்.

ஆனால் அந்த இரண்டு எண்களிலிருந்து ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். காலைக்கும் மாலைக்கும் இடையில் ஏதோ ஒரு கணத்தில் தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மதியம் வரை ஏறியது என்கிறீர்கள். அப்படியானால் அன்றைய மிக உயர்ந்த மட்டம் என்று ஒன்று இருந்திருக்கும். அந்த உச்சத்துக்குச் சற்று முன் ஏறிக்கொண்டிருந்தது, சற்றுப் பின் இறங்கியது. ஆகவே உச்சத்தில் வீதம் பூச்சியத்துக்குக் கூடவும் முடியாது, குறையவும் முடியாது. இதைத்தான் ரோலின் தேற்றம் என்பார்கள். மிஷேல் ரோல் 1691 இல் பல்லுறுப்பிகளுக்கு மட்டும் காட்டியது, பின்னாளில் எல்லா வகையிடத்தக்க சார்புகளுக்கும் விரிந்தது.

இப்போது வேறொரு நாளை எடுப்போம். காலை 28 அடி 4 அங்குலம், மாலை 28 அடி 10 அங்குலம். 12 மணித்தியாலத்தில் 6 அங்குலம், சராசரியாக மணிக்கு அரை அங்குலம். நடுவில் வேகமாக ஏறியிருக்கலாம், கொஞ்சம் இறங்கியும் இருக்கலாம். எப்படி இருந்தாலும், ஏதோ ஒரு கணத்தில் ஏறும் வீதம் சரியாக மணிக்கு அரை அங்குலமாக இருந்தே தீரும். இடைப்பெறுமானத் தேற்றம் சொல்வது இவ்வளவுதான். எந்தக் கணம் என்று அது சொல்லாது. ஒரு கணமாவது உண்டு என்று மட்டும் சொல்லும்.

இரணைமடு வாய்க்கால் எழுதியது:

சரி மாஸ்டர், அது விளங்குகிறது. ஆனால் ஒரு சந்தேகம். மதியம் பன்னிரண்டு மணி வரை மணிக்கு அரை அங்குலம் ஏறுகிறது என்று வையுங்கள். பன்னிரண்டுக்குத் துருசைத் திறந்ததும் மணிக்கு அரை அங்குலம் இறங்குகிறது. அரை ஏற்றம், பிறகு அரை இறக்கம். பூச்சியம் எங்கே?

வவுனியா கணித மாஸ்டர் எழுதியது:

அருமையான இடத்தில் கை வைத்தீர்கள். நீங்கள் சொன்னபடி வரைந்தால் வரைபு கூரை முகடு மாதிரிக் கூராக நிற்கும். பன்னிரண்டு மணிக்கு இடப்பக்கம் பார்த்தால் படித்திறன் +½, வலப்பக்கம் பார்த்தால் −½. அந்த முனையில் தொடலி என்று ஒன்று இல்லை, பெறுதியும் இல்லை. அதனால் தேற்றம் அங்கே செல்லுபடியாகாது. தேற்றத்தில் "உள்ளே எல்லாப் புள்ளியிலும் வகையிடத்தக்கது" என்ற நிபந்தனை ஏன் இருக்கிறது என்றால் இதற்குத்தான். ஒரே ஒரு புள்ளியில் அது தவறினாலும் முடிவு பிழையாகிவிடலாம்.

நிஜத்தில் துருசு ஒரு நொடியில் முழுக்கத் திறக்காது, திருகித் திருகித்தானே திறப்பீர்கள். வெளியே போகும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, ஒரு கட்டத்தில் உள்ளே வருவதற்குச் சமனாகும். அந்தக் கணத்தில் வீதம் பூச்சியம். கூர் முனை நாம் கடதாசியில் நேர்கோடு பிடித்து வரைந்ததால் வந்தது.

கிளிநொச்சி உயர்தரம் எழுதியது:

ஐயா, குளத்துக் கணக்கு எனக்கும் உதவியது. ஆனால் வரைபில் இதை எப்படிப் பார்ப்பது? நாண், தொடலி என்று ஒரு படம் பார்த்திருக்கிறேன், அது மனதில் நிற்கவில்லை.

வவுனியா கணித மாஸ்டர் எழுதியது:

ஒரு வளைகோடு வரையுங்கள் பிள்ளை. அதன் இரு முனைகள் A, B. இரண்டையும் நேர்கோட்டால் இணையுங்கள், அது நாண். நாணின் படித்திறன் (f(b) − f(a))/(b − a). இதுதான் சராசரி வீதம்.

இப்போது அடிமட்டத்தை நாணின் மேல் வைத்து, சாய்வு மாறாமல் மெதுவாக மேலே தள்ளுங்கள். ஆரம்பத்தில் அது வளைகோட்டை வெட்டிக்கொண்டு போகும். தள்ளத் தள்ள ஒரு நிலையில் வளைகோட்டைக் கடைசியாக ஒருமுறை தொட்டுவிட்டு விலகும். அந்தக் கடைசித் தொடுகைப் புள்ளியில் வளைகோடு அடிமட்டத்தின் மேல்பக்கம் போகவில்லை, உரசிக்கொண்டு நிற்கிறது. அங்கே தொடலி உண்டு என்றால் அது அடிமட்டத்தின் திசையிலேயே இருக்க வேண்டும், வேறு சாய்வாக இருந்தால் ஒரு பக்கம் வளைகோடு அடிமட்டத்தைத் தாண்டியிருக்கும். ஆகவே அந்தப் புள்ளியில் தொடலி நாணுக்குச் சமாந்தரம். வளைகோடு முழுக்க நாணுக்குக் கீழே கிடந்தால் அடிமட்டத்தைக் கீழே தள்ளுங்கள், அதே கதைதான்.

எழுத்தில் இதைச் செய்வதும் சுலபம். நாணின் படித்திறனை m என்போம்.

g(x) = f(x) − f(a) − m(x − a)

இது நாணுக்கு மேலே வளைகோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. முனைகளில் வளைகோடும் நாணும் சந்திப்பதால் g(a) = 0, g(b) = 0. அதாவது காலையும் மாலையும் ஒரே மட்டம் காட்டிய நாள். g எங்கும் பூச்சியமென்றால் f நேர்கோடுதான், எந்தப் புள்ளியை எடுத்தாலும் சரி. அப்படி இல்லையென்றால் உள்ளே எங்கோ ஓர் உயர்வோ இழிவோ உண்டு. அந்தப் புள்ளி c யில் g′(c) = 0. g′(x) = f′(x) − m என்பதால் f′(c) = m. முடிந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வாருங்கள். f′ ஓர் ஆயிடையில் எங்கும் பூச்சியம். அந்த ஆயிடையில் எந்த இரண்டு புள்ளி a, b வேண்டுமானாலும் எடுங்கள். இடையில் ஒரு c உண்டு:

f(b) − f(a) = f′(c)(b − a) = 0 × (b − a) = 0

ஆகவே f(a) = f(b). எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் சமன் என்றால் சார்பு மாறிலி. c எங்கே இருக்கிறது என்று தெரியாது என்பது இங்கே கொஞ்சமும் இடைஞ்சல் இல்லை, ஏனென்றால் f′ எங்கும் பூச்சியம், c எங்கே விழுந்தாலும் விடை ஒன்றுதான். நான் முதலில் சொன்ன சின்ன மிச்சங்களைக் கூட்ட வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது பாருங்கள். தூரப் புள்ளிகள் இரண்டையும் ஒரே அடியில் இணைத்துவிட்டோம்.

அறிவியல்நகர் மூன்றாம் வருடம் எழுதியது:

மாஸ்டர், c எங்கே என்று தெரியாது என்கிறீர்கள். அது நடுப்புள்ளிதானே? சீரான ஆர்முடுகலில் போகும் துணிக்கைக்குச் சராசரி வேகம் நடு நேரத்தில் இருக்கும் வேகத்துக்குச் சமன். நாங்கள் உயர்தரத்திலேயே அப்படித்தான் செய்தோம்.

வவுனியா கணித மாஸ்டர் எழுதியது:

சீரான ஆர்முடுகல் என்றால் இடப்பெயர்ச்சி நேரத்தின் இருபடிச் சார்பு. இருபடிக்கு மட்டும் அது எப்போதும் உண்மை. x³ ஐ 0 இலிருந்து 3 வரை போட்டுப் பாருங்கள். நாணின் படித்திறன் 27/3 = 9. 3c² = 9 என்றால் c = √3, ஏறத்தாழ 1.73. நடுப்புள்ளி 1.5 இல் படித்திறன் 6.75 மட்டுமே. சில சார்புகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட c யும் வரும்.

கிளிநொச்சி உயர்தரம் எழுதியது:

அப்படியென்றால் என் கணக்கில் பிழை எங்கே என்று இப்போது எனக்கே தெரிகிறது. a = −1, b = 1 என்று எடுத்தால் இடையில் 0 வருகிறது. 0 இல் f இல்லை. c வர வேண்டிய ஆயிடையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதனால் தேற்றத்தை அங்கே பாவிக்க முடியாது. a, b இரண்டும் நேர் எண்கள் என்றால் இடையில் ஓட்டை இல்லை, f(a) = f(b). இரண்டும் மறை என்றாலும் அப்படியே. ஆகவே x > 0 க்கு π/2, x < 0 க்கு −π/2. சரியா ஐயா?

வவுனியா கணித மாஸ்டர் எழுதியது:

முழுக்கச் சரி. விடை எழுதும்போது "f மாறிலி" என்று மட்டும் எழுதாமல், எந்த ஆயிடையில் என்று சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு ஆயிடையிலும் ஒரு புள்ளி இட்டுப் பெறுமானம் எடுக்க வேண்டும். ஒரு கணக்கில் வரையறுப்பு ஆட்சி எத்தனை துண்டாக இருக்கிறதோ அத்தனை தடவை.

மாங்குளம் ரீச்சர் எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பாடசாலைப் பிள்ளைக்கு இடைப்பெறுமானத் தேற்றம் வழியாகப் போனால், உயர்வு கட்டாயம் உண்டு என்பதை நம்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதையும் நாங்கள் நிறுவுவதில்லை. நான் வகுப்பில் வேறு வழியில் காட்டுவேன், பாதி பாதியாக வெட்டுவது.

f′ எங்கும் பூச்சியம், ஆனால் f(a), f(b) சமனில்லை என்று வைத்துக்கொள்வோம். நாணின் படித்திறனின் அளவு k, அது பூச்சியத்தை விடப் பெரியது. ஆயிடையை நடுவில் வெட்டுங்கள். இரண்டு பாதி நாண்களின் படித்திறன்களின் சராசரிதான் முழு நாணின் படித்திறன். ஆகவே ஒரு பாதியிலாவது படித்திறனின் அளவு k ஆகவோ கூடவோ இருக்க வேண்டும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். அதையும் வெட்டுங்கள். இப்படியே போனால் ஆயிடைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கி ஒரு புள்ளி c யில் போய் நிற்கும். ஒவ்வொரு ஆயிடையிலும் நாணின் சாய்வு k க்குக் குறையவில்லை.

ஆனால் f′(c) = 0. அதனால் c க்கு மிக அருகில், c யிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மாற்றம் தூரத்தின் k/2 மடங்கைத் தாண்டாது. c ஐ உள்ளடக்கிய ஒரு சின்ன ஆயிடையில் இடது மாற்றமும் வலது மாற்றமும் சேர்ந்து நீளத்தின் k/2 மடங்குக்கு மேல் போகாது. k மடங்கு இருக்க வேண்டும் என்று சொன்னோம். முரண்பாடு.

இதில் ரோலும் இல்லை, அடிமட்டம் தள்ளுவதும் இல்லை. மாஸ்டர் கேட்ட "சின்ன மிச்சங்கள் சேர்ந்தால் என்ன" என்ற கேள்விக்கு நேரடியான பதில் இதுதான் என்பது என் எண்ணம். மிச்சங்கள் சேர்ந்து பெரிதாகின்றன என்றால் அவை எங்காவது ஓரிடத்தில் குவிந்தே ஆக வேண்டும், அந்த இடத்தில் பெறுதி பூச்சியமாக இருக்க முடியாது.

வவுனியா கணித மாஸ்டர் எழுதியது:

ரீச்சர், அழகான நிறுவல், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் நான் இடைப்பெறுமானத் தேற்றத்தின் பக்கம்தான். பூச்சியம் என்ற இடத்தில் f′ > 0 என்று போட்டால் அதே ஒரு வரியில் சார்பு ஏறுகிறது என்று வந்துவிடுகிறது. |f′| ≤ 1 என்று போட்டால் |sin a − sin b| ≤ |a − b| போன்ற சமனிலிகள் வருகின்றன. ஒரு தேற்றத்தைப் படித்தால் மூன்று வேலை முடிகிறது.

மாங்குளம் ரீச்சர் எழுதியது:

வெட்டும் முறையிலும் அதெல்லாம் வரும் மாஸ்டர், கொஞ்சம் கூட எழுத வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை எதை நம்ப வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். சுருங்கும் ஆயிடைகள் ஒரு புள்ளியில் நிற்கும் என்பதைப் பிள்ளை கண்ணால் காணும். மூடிய ஆயிடையில் தொடர்ச்சியான சார்புக்கு உயர்வு உண்டு என்பது அப்படிக் கண்ணில் படாது.

அறிவியல்நகர் மூன்றாம் வருடம் எழுதியது:

இரண்டு பேரும் கடைசியில் ஒரு புள்ளி "இருக்கிறது" என்பதில்தான் தொங்குகிறீர்கள். ஒருவருக்கு உச்சம், மற்றவருக்குச் சுருங்கி நிற்கும் புள்ளி. அந்தப் புள்ளி இல்லாமல் போக வாய்ப்பு உண்டா? இல்லையென்றால் இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டும்?

வவுனியா கணித மாஸ்டர் எழுதியது:

உண்டு தம்பி. விகிதமுறு எண்கள் மட்டும் இருக்கும் ஒரு கோட்டை எடுங்கள். 0 இலிருந்து 2 வரை உள்ள ஒவ்வொரு விகிதமுறு எண் x க்கும், x² < 2 என்றால் f(x) = 0, x² > 2 என்றால் f(x) = 1. x² = 2 ஆகும் விகிதமுறு எண் இல்லை, அதனால் யாரும் விடுபடவில்லை.

எந்தப் புள்ளியை எடுத்தாலும், அதைச் சுற்றிப் போதிய அளவு சிறிய அயலில் f மாறுவதில்லை. 1.414 ஐ எடுங்கள், அதன் வர்க்கம் 1.999396, அது 2 ஐ விடக் குறைவு, கொஞ்சம் தள்ளினாலும் குறைவாகவே இருக்கும். ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் பெறுதி பூச்சியம். ஆனால் f(0) = 0, f(2) = 1. மாறிலி இல்லை.

ரீச்சரின் முறையை இதில் ஓட்டிப் பாருங்கள். 0, 2 இலிருந்து தொடங்கி வெட்ட வெட்ட ஆயிடைகள் √2 ஐ நோக்கிச் சுருங்கும். அந்த இடத்தில் புள்ளி இல்லை, அதனால் முரண்பாடும் கிடைக்காது. என் முறையில் போனால் அடிமட்டம் கடைசியாகத் தொட வேண்டிய புள்ளி அங்கே இல்லை. பிள்ளையின் tan⁻¹ கணக்கில் 0 இல் ஒரே ஒரு ஓட்டை இருந்தது, இந்தக் கோட்டில் √2 மாதிரி எங்கு பார்த்தாலும் ஓட்டை. வருத்தம் ஒன்றுதான், வகையீட்டு விதிகள் இரண்டு இடத்திலும் கொஞ்சமும் மாறாமல் வேலை செய்யும். வகையிட்டு விடை பார்த்தால் ஓட்டை இருப்பது தெரியாது. மெய்யெண் கோட்டில் இடைவெளி இல்லை என்பதிலிருந்துதான் "பெறுதி பூச்சியம் என்றால் மாறிலி" வருகிறது.

அறிவியல்நகர் மூன்றாம் வருடம் எழுதியது:

இதை நான் முன்னர் பார்த்ததில்லை. பூச்சியங்களைக் கூட்டும் என் வாதம் இந்தச் சார்புக்கும் அப்படியே பொருந்துகிறது, ஆனால் முடிவு பொய். சரி. ஆனாலும் பொறியியலில் வரும் சார்புகளுக்கு என் வாதம் போதும் என்றுதான் நினைக்கிறேன். f′ தொடர்ச்சியாக இருக்கும்போது தொகையிட்டால் பூச்சியம் வந்துவிடுகிறதே.

மாங்குளம் ரீச்சர் எழுதியது:

தம்பி, f′ ஐத் தொகையிட்டால் f(b) − f(a) வரும் என்பதை நிறுவும்போது எதைப் பாவிக்கிறார்கள் என்று உங்கள் முதலாம் வருடக் கொப்பியைத் திறந்து பாருங்கள். ஒரே பெறுதி உள்ள இரண்டு சார்புகள் ஒரு மாறிலியால் மட்டும் வேறுபடும் என்ற வரி அங்கே இருக்கும். அது இந்த இழையின் கேள்வியேதான்.

இன்னொன்று, பிள்ளைக்காக. ∫(1/x)dx = ln|x| + C என்று எழுதுகிறோமே, அங்கேயும் அதே ஓட்டை. x > 0 க்கு ஒரு C, x < 0 க்கு வேறொரு C இருக்கலாம். பரீட்சையில் ஒரு C எழுதினால் போதும், நானும் அப்படித்தான் எழுதச் சொல்வேன். ஆனால் எல்லைகள் இட்டுத் தொகையிடும்போது −1 இலிருந்து 1 வரை ln|x| ஐப் போட்டு 0 என்று விடை எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள். அது இந்த ஓட்டையின் மேல் நடந்து போவது.

வவுனியா கணித மாஸ்டர் எழுதியது:

ஒரே C எழுதச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை ரீச்சர். பக்கத்தில் "x > 0" என்று எழுத எவ்வளவு நேரம் போகும்?

மாங்குளம் ரீச்சர் எழுதியது:

எழுதலாம். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் தொகையீடு தொடங்கும் முதல் வாரத்தில் அதைச் சொன்னால், தொகையீட்டை விட்டுவிட்டு அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். பிறகு சொல்கிறேன்.

இரணைமடு வாய்க்கால் எழுதியது:

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கூர் முனை ஒன்று இருந்தால் தேற்றம் வேலை செய்யாது என்றீர்கள். மட்டம் அசையாத நாளில், துருசைத் தொட்ட அந்த ஒரு கணத்தில் மட்டும் வீதம் என்னவென்று தெரியாது, மற்ற நேரமெல்லாம் பூச்சியம் என்றால்? அப்போதும் மட்டம் மாறவில்லை என்று எழுதலாமா?

வவுனியா கணித மாஸ்டர் எழுதியது:

எழுதலாம், மட்டம் திடீரென்று தாவாது என்றால். அந்தக் கணத்துக்கு முன் உள்ள துண்டில் மாறிலி, பின் உள்ள துண்டில் மாறிலி. தாவல் இல்லாததால் இரண்டு துண்டும் அந்தக் கணத்தில் ஒரே மட்டத்தில் சந்திக்க வேண்டும். தேற்றம் முனைகளில் பெறுதி கேட்பதில்லை, தொடர்ச்சி மட்டும் கேட்கிறது, அதனால் இது நடக்கிறது. பத்துக் கணங்கள் தெரியாமல் போனாலும் இதே வாதம் ஓடும்.

ஆனால் எத்தனை கணங்கள் வரை விடலாம் என்பது லேசான கேள்வியல்ல. கன்ரரின் சார்பு என்று ஒன்று உண்டு. 0 இலிருந்து 1 வரை தொடர்ச்சியாக ஏறும், எங்கும் தாவாது. பெறுதி பூச்சியமாக இல்லாத புள்ளிகளை எல்லாம் சேர்த்தாலும் அவற்றின் மொத்த நீளம் பூச்சியம். அப்படி இருந்தும் 0 இல் தொடங்கி 1 இல் முடிகிறது. அதற்குத் தனி இழை போட வேண்டும்.

அறிவியல்நகர் மூன்றாம் வருடம் எழுதியது:

போடுங்கள் மாஸ்டர். மொத்த நீளம் பூச்சியம், அதில் முழு ஏற்றமும் நடக்கிறது என்பதை என்னால் இப்போதைக்கு ஏற்க முடியவில்லை. படம் இல்லாமல் நம்ப மாட்டேன்.

கிளிநொச்சி உயர்தரம் எழுதியது:

நான் இரண்டு கணக்கு செய்து பார்த்தேன், பார்த்துச் சொல்லுங்கள்.

முதலாவது sin⁻¹x + cos⁻¹x. பெறுதி 1/√(1−x²) − 1/√(1−x²) = 0, ஆனால் இது −1 க்கும் 1 க்கும் இடையில் மட்டும். x = 1, x = −1 இல் கீழே பூச்சியம் வந்து பெறுதி இல்லை. ஆனால் அங்கே சார்பு தொடர்ச்சியாக இருக்கிறது. முனையில் தொடர்ச்சி போதும் என்று ஐயா மேலே சொன்னதால், மூடிய ஆயிடை முழுக்க மாறிலி. x = 0 இட்டு π/2. x = 1 இல் சரிபார்த்தேன், π/2 + 0 = π/2.

இரண்டாவது நானே எடுத்தது:

h(x) = tan⁻¹((1+x)/(1−x)) − tan⁻¹x

(1+x)/(1−x) ஐ வகையிட்டால் 2/(1−x)². அதை 1 + ((1+x)/(1−x))² ஆல் வகுத்தால் சுருங்கி 1/(1+x²) ஆகிறது. ஆகவே h′(x) = 0. ஓட்டை x = 1 இல். x < 1 பக்கத்தில் x = 0 இட்டேன், h = π/4. x > 1 பக்கத்தில் x = √3 இட்டேன். (1+√3)/(1−√3) = −(2+√3), அதன் tan⁻¹ பெறுமானம் −5π/12. அதிலிருந்து π/3 ஐக் கழித்தால் −9π/12, அதாவது −3π/4.

இரண்டு மாறிலிக்கும் வித்தியாசம் π. முதல் கணக்கிலும் π/2, −π/2 என்று வித்தியாசம் π தான் வந்தது. ஓட்டையைத் தாண்டும்போது ஏன் இரண்டிலும் சரியாக π தாவுகிறது?

மாங்குளம் ரீச்சர் எழுதியது:

இரண்டு கணக்கும் சரி பிள்ளை. கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல மாட்டேன். ஓட்டைக்குச் சற்று இடப்பக்கமும் சற்று வலப்பக்கமும் tan⁻¹ க்கு உள்ளே இருக்கும் எண் எவ்வளவு பெரிதாகிறது, எந்தக் குறியோடு, என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.